டி.வி. ஓட எத்தனை வாட்?

துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் முதல் நாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வந்துவிடும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இந்த அறிவிப்பைப் படிக்கிறவர்கள் முதலில் தங்கள் ஊரைத் தேடுவார்கள், அடுத்தது நேரத்தை. காலையில் போகும் கரண்ட் மதியம் வரும் என்று சில அறிவிப்புகள் சொல்லும். 'பணி முடியும் வரை' என்று மட்டும் சொல்லும் அறிவிப்புகளும் உண்டு. இது சொல்லிவிட்டுப் போகிற கரண்ட். கோடை மழையோடு அடிக்கும் காற்றில் கம்பி அறுந்து, சொல்லாமல் போகிற கரண்ட் தனி.

இப்படி இரண்டு தடவை அலைக்கழிந்த பிறகுதான் பெரும்பாலோர் இன்வெர்ட்டர் கடைக்குப் போகிறார்கள். "அண்ணே, டி.வி. ஓடணும், எவ்வளவு போடலாம்?" என்பது வழக்கமான கேள்வி. "எத்தனை ஃபேன், எத்தனை லைட்டு?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். பதிலைக் கேட்டுவிட்டு ஒரு 900 விஏ இன்வெர்ட்டரையும் ஒரு 150 ஆம்பியர்-அவர் பேட்டரியையும் காட்டுவார். அவர் காட்டியது பல வீடுகளுக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் ஏன் சரி என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் கூடுதல் நேரம் ஓடும் என்று நினைத்து 900-க்குப் பதில் 1100 விஏ வாங்கிக்கொண்டு, பேட்டரியை அதே அளவில் விட்டுவிடுவார். நேரம் ஒரு நிமிடம்கூட கூடாது.

இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் விஏ எண், ஒரே நேரத்தில் எவ்வளவு சாமான் போடலாம் என்பதை மட்டும் சொல்கிறது. எவ்வளவு நேரம் ஓடும் என்பதைச் சொல்வது பேட்டரி. டி.வி.யைப் பொறுத்தவரை முதல் எண் ஒருபோதும் பிரச்சினையே இல்லை. சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய வீட்டு இன்வெர்ட்டர்கூட மூன்று நான்கு டி.வி.களைச் சேர்த்துத் தூக்கும். கணக்கு முழுவதும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

முதலில் டி.வி.யின் வாட் என்ன என்று தெரிய வேண்டும். டி.வி.யின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு எண் இருக்கும். அது வெளிச்சம், சத்தம் எல்லாம் உச்சத்தில் இருக்கும்போது அந்தப் பெட்டி இழுக்கக்கூடிய அளவு. வீட்டில் பார்க்கும் வெளிச்சத்தில் உண்மையான இழுவை அதைவிடக் குறைவாகவே இருக்கும். 32 அங்குல எல்.இ.டி. டி.வி. சாதாரணமாக 40 முதல் 60 வாட்டுக்குள் ஓடும். 43 அங்குலம் 60-லிருந்து 100 வரை போகலாம். 55 அங்குலத்துக்கு 100-க்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். 2006 முதல் 2011 வரை தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் குண்டு டி.வி.யும் 50, 60 வாட் வாங்கியது. இன்று அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அகலமான பெட்டி ஏறக்குறைய அதே கரண்டில் ஓடுகிறது. ஆகவே 'பெரிய டி.வி. வாங்கிட்டோம், இன்வெர்ட்டரையும் பெருசா மாத்தணும்' என்ற பயம் பெரும்பாலும் வீண்.

ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம், பொதுக் கணக்கையும் நம்ப வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மின்வாரியத்தின் எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். மீட்டரின் முகப்பில் 3200 imp/kWh என்பதுபோல ஒரு எண் அச்சாகியிருக்கும். ஒரு யூனிட் ஓடுவதற்குள் விளக்கு அத்தனை தடவை சிமிட்டும் என்று பொருள். சில மீட்டர்களில் இந்த எண் வேறாக இருக்கும், பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஃபிரிட்ஜ், ஃபேன், சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, டி.வி.யையும் அதன் செட்-டாப் பாக்ஸையும் மட்டும் போட்டு, சரியாகப் பத்து நிமிடம் சிமிட்டலை எண்ண வேண்டும். கணக்கு இதுதான்:

வாட் = சிமிட்டல் × 6000 ÷ மீட்டர் எண்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு கிராமம், 43 அங்குல டி.வி., டிஷ் ஆன்டெனா பாக்ஸ். டி.வி.யின் ஸ்டிக்கர் 110 வாட் என்கிறது. 3200 மீட்டரில் பத்து நிமிடத்தில் 44 சிமிட்டல் வருகிறது. 44-ஐ 6000-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் 82.5. டி.வி.யும் பாக்ஸும் சேர்ந்தே 82 வாட்தான். பாக்ஸ் 12 வாட் போல எடுக்கும் என்று வைத்தால் டி.வி.க்கு 70. ஸ்டிக்கர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிந்துவிட்டது.

இருட்டில், வேர்க்க வேர்க்க யாரும் டி.வி. பார்ப்பதில்லை. அதனால் ஒரு சீலிங் ஃபேன், 75 வாட். ஒரு எல்.இ.டி. டியூப் லைட், 20 வாட். 82-உடன் சேர்த்தால் 177. இந்த வீட்டுக்கு ராத்திரி ஏழு மணி முதல் பதினொன்று வரை, நான்கு மணி நேரம் ஓட வேண்டும். 177-ஐ நான்கால் பெருக்கினால் 708 வாட்-மணி.

இது டி.வி.யும் ஃபேனும் சாப்பிட்டது. பேட்டரியிலிருந்து வெளியே வர வேண்டியது இதைவிட அதிகம். பேட்டரியின் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றும் வேலையில் ஒரு பகுதி சூடாகப் போகிறது. எதையும் போடாமல் வெறுமனே விழித்திருப்பதற்கே இன்வெர்ட்டர் பத்து பதினைந்து வாட் தின்னும். எல்லாவற்றுக்குமாக ஐந்தில் ஒரு பங்கு போகும் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. 708-ஐ 0.8-ஆல் வகுத்தால் 885. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 74 ஆம்பியர்-அவர்.

அப்படியானால் 80 ஆம்பியர்-அவர் பேட்டரி போதுமே என்று தோன்றும். போதாது. பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் அளவு, அதை இருபது மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் அத்தனையும் வெளியே வராது. இன்னொன்று, ஈய-அமில பேட்டரியை அடிவரை காலி செய்யும் ஒவ்வொரு தடவையும் அதன் ஆயுள் குறைகிறது. பாதியளவு மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினால் அது பல வருடம் தாங்கும். மூன்று வருடம் ஓடிய பேட்டரியில் எழுதியிருக்கும் அளவில் 70 சதவீதம் மிஞ்சியிருந்தாலே நல்ல விஷயம்.

இதை வைத்து அந்த ஜெயங்கொண்டம் வீட்டைப் பார்த்தால், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 74 என்பது சரிபாதி. மூன்று வருடம் கழித்து அது 105-ஆகக் குறைந்தாலும் நான்கு மணி நேரத்தை ஓட்டிவிடும். 100 ஆம்பியர்-அவர் பேட்டரி போட்டால் புதிதிலேயே முக்கால்வாசி காலியாகும். சில வருடத்தில் அது 70 ஆகும்போது பத்தரை மணிக்கே 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கிவிடும். ஆக, கடைக்காரர் காட்டிய 150 சரிதான். அவர் காட்டிய 900 விஏ? 177 வாட்டுக்கு 300 விஏ-வே தாராளம். 900 விஏ இன்வெர்ட்டர் 650, 700 வாட் வரை தரும். ஆகவே இருப்பதில் சின்னதை வாங்கி, மிச்சமாகும் பணத்தைப் பேட்டரியில் போடுவதே புத்திசாலித்தனம்.

அதைவிடப் புத்திசாலித்தனமான ஒரு செலவும் இருக்கிறது. மேலே உள்ள 177 வாட்டில் டி.வி. 70, பழைய ஃபேன் 75. அதாவது டி.வி. பார்க்க வாங்கும் பேட்டரியில் பெரிய பங்கு ஃபேனுக்குப் போகிறது! அந்த ஒரு ஃபேனை மட்டும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் அது 30 வாட்டுக்குள் ஓடும். மொத்தம் 132. அதே நான்கு மணி நேரத்துக்கு 55 ஆம்பியர்-அவர் போதும். அதே 150 பேட்டரியில் அதே பாதி வரை இறக்கினால் ஐந்தரை மணி நேரம் போகும். டி.வி. வாட்டைக் குறைக்க வெளிச்சத்தை மங்கலாக்கிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பராமரிப்பு நாளின் கணக்கு வேறு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை எட்டு மணி நேரம் டி.வி. யாரும் பார்க்கப்போவதில்லை, ஆனால் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய ஃபேன் இரண்டு எட்டு மணி நேரம் ஓடினால் 1200 வாட்-மணி. முன்போலவே 0.8-ஆலும் 12-ஆலும் வகுத்தால் 125 ஆம்பியர்-அவர். 150 பேட்டரி டி.வி. போடாமலேயே காலியாகிவிடும். சாயங்காலம் கரண்ட் வந்ததும் பேட்டரி ஏறத் தொடங்கும், ஆனால் பொதுவாக இன்வெர்ட்டர்கள் 10 முதல் 15 ஆம்பியரில்தான் ஏற்றும். இறங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால் அது நிரம்ப மறுநாள் காலை ஆகும். அன்று ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி கரண்ட் போனால் சீரியல் பாதியில் நிற்பதற்குக் காரணம் டி.வி. அல்ல, பகல் முழுக்கச் சுற்றிய ஃபேன்.

2012-இன் பிற்பகுதியை நினைவு வைத்திருக்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல. சென்னையைத் தவிர்த்த மாவட்டங்களில் ஒரு நாளில் 14, 16 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலம் அது. ஒரு மணி நேரம் வந்தால் அடுத்து ஒரு மணி நேரமாவது போகும். அந்த ஒரு மணி நேரத்தில் 12 ஆம்பியரில் ஏற்றினால் 12 ஆம்பியர்-அவர் ஏறும், மேலே சொன்ன வீடு அடுத்த ஒரு மணி நேரத்தில் 18-ஐ இறக்கும். ஏறுவதைவிட இறங்குவது அதிகம். பேட்டரி எத்தனை பெரிதாக இருந்தாலும் நாளடைவில் அரைகுறையாகவே கிடக்கும். அரைகுறையாகக் கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். ஒரு வருடத்திலேயே பேட்டரி செத்துப்போனதற்குப் பலர் பேட்டரி கம்பெனியைத் திட்டினார்கள். குற்றம் கணக்கில் இருந்தது. அப்படி ஒரு காலம் மறுபடி வந்தால் பேட்டரியைப் பெரிதாக்குவதோடு, வேகமாக ஏற்றும் இன்வெர்ட்டரும் வேண்டும்.

கம்ப்யூட்டர் யு.பி.எஸ்-ஸில் டி.வி.யைச் செருகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செருகலாம். கடையில் கிடைக்கும் 600 விஏ யு.பி.எஸ். 360 வாட் வரை தாங்கும், டி.வி.யோ 82 வாட்தான். ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர். பெருக்கினால் 84 வாட்-மணி. ஒரு மணி நேரம் வரும் என்று கணக்குச் சொல்லும். அத்தனை சின்ன பேட்டரியை அத்தனை வேகமாக இழுத்தால் பாதிதான் கிடைக்கும் என்பதால், புதிதில் அரை மணி நேரம் ஓடும். ஒரு சீரியலுக்குச் சரியாக இருக்கும், விளம்பரம் நீண்டால் முடிவு தெரியாது.

இதில் கைவேலை காட்டுவோரும் உண்டு. அதே யு.பி.எஸ்-ஸைப் பிரித்து, வயரை வெளியே இழுத்து, டிராக்டர் பேட்டரியில் மாட்டுவது விவசாயி வீடுகளில் நடக்கிற வேலை. இதைச் செய்யவே கூடாது. பத்து இருபது நிமிடம் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட யு.பி.எஸ்-ஸின் டிரான்ஸ்ஃபார்மர் மணிக்கணக்கில் ஓடினால் சூடேறி மணக்கும். அதன் சார்ஜர் அத்தனை பெரிய பேட்டரியை ஏற்றி முடிக்க நாள்கணக்காகும். டிராக்டர் பேட்டரியும் இந்த வேலைக்கு ஆகாது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒரு சில நொடி பெரும் கரண்டைக் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளோடு செய்யப்பட்டது அது. நாலைந்து மணி நேரம் மெதுவாகக் காலியாக்கினால் சில மாதத்தில் படுத்துவிடும். வீட்டு இன்வெர்ட்டருக்கு டியூபுலர் பேட்டரி என்று தனியாக விற்பது இதற்காகத்தான்.

கிணற்று மோட்டார்கள் மிகுந்த ஊர்களில் இன்னொரு தொல்லை. சின்ன வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் தண்ணீர் பாயும் நேரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கலாம். இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு ஸ்விட்ச் இருக்கும்: ஒரு பக்கம் யு.பி.எஸ்., மறுபக்கம் நார்மல் அல்லது ஈகோ. யு.பி.எஸ். பக்கம் தள்ளியிருந்தால் வோல்டேஜ் 180-க்கும் கீழே போனதும் 'கரண்ட் போய்விட்டது' என்று முடிவுகட்டி, இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். வீட்டில் கரண்ட் இருக்கிறது, ஆனால் பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கிறது. நிஜமாகவே கரண்ட் போகும்போது பேட்டரியில் ஒன்றும் இருக்காது. அடுத்த தெரு வீட்டில் ஐந்து மணி நேரம் ஓடும் அதே செட், இங்கே ஒரு மணி நேரத்தில் நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த ஸ்விட்சைத்தான்.

நார்மல் பக்கம் தள்ளினால் 100 வோல்ட் சுமார் வரை அது மின்வாரியத்தின் கரண்டையே கொடுக்கும். எல்.இ.டி. டி.வி.கள் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை ஓடும்படி செய்யப்பட்டவை, ஸ்டிக்கரில் அப்படி எழுதியிருந்தால் கவலையில்லை. ஒரே ஒரு குறை: நார்மலில் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளி சற்று நீளம். சில ஸ்மார்ட் டி.வி.கள் அந்தக் கண்ணிமைப்பில் அணைந்து, முதலிலிருந்து எழுந்து வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், காலி பேட்டரியைவிட அது தேவலை.

பேட்டரி இருந்தும் படம் வராத வீடுகளும் இருக்கின்றன. ஊரெல்லாம் கரண்ட் போனால் கேபிள் டி.வி.க்காரரின் தெருக்கம்பத்துப் பெட்டிக்கும் கரண்ட் போகும். அரசு கேபிளானாலும் தனியார் கேபிளானாலும், வழியில் சிக்னலைத் தூக்கிவிடும் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் வேண்டும். கேபிள்காரர் அங்கங்கே பேட்டரி வைத்திருந்தால் படம் வரும், இல்லாவிட்டால் வீட்டில் 150 ஆம்பியர்-அவர் இருந்தும் திரையில் 'நோ சிக்னல்'. இன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன்பே அவரைக் கேட்டுவிடுவது நல்லது. டிஷ் ஆன்டெனாவுக்கு இந்தத் தொல்லை இல்லை, பாக்ஸே ஆன்டெனாவின் மூக்குக்கும் கரண்ட் கொடுத்துவிடும். ஃபைபர் இன்டர்நெட்டில் பார்ப்பவர்கள் வீட்டிலுள்ள மோடத்தையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்க வேண்டும், அது 10 வாட் போல எடுக்கும். தெருவில் கண்ணாடி இழைக்குக் கரண்ட் தேவையில்லை, ஆனால் மறுமுனையில் கம்பெனியின் கருவிக்குத் தேவை.

வயரிங்கில் ஒரு விஷயத்தை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். டி.வி., ஹால் ஃபேன், ஹால் லைட் ஆகியவை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். சமையலறை பிளக் பாயின்ட் அதில் சேரக் கூடாது. மிக்ஸி 500, 750 வாட், கிரைண்டரும் ஃபிரிட்ஜும் ஸ்டார்ட் ஆகும்போது ஓடுவதைவிடப் பல மடங்கு இழுக்கும். டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது சட்னி அரைத்தால் ஓவர்லோட் ஆகி எல்லாம் அணைந்துவிடும். மிக்ஸியும் ஓட வேண்டும் என்று கேட்கும் வீடு இரண்டு பேட்டரி, 24 வோல்ட் இன்வெர்ட்டர் என்று வேறு விலைக்குப் போக வேண்டும்.

அலை வடிவம் பற்றிக் கடையில் நிறையப் பேசுவார்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பெரும்பாலான டி.வி.கள் ஓடும், ஆனால் ஃபேன் உறுமும், ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கலாம். சைன் வேவ் வாங்குவதே நல்லது, அதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

டியூபுலர் பேட்டரிக்குச் சில மாதத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். மிதவைகள் கீழே இறங்கியிருந்தால் அதுதான் அடையாளம். சிமென்ட் ஆலைகளை அரியலூருக்கு வரவழைத்த அதே சுண்ணாம்புக்கல்தான் இங்கே பல போர்களின் தண்ணீரையும் கடினமாக்குகிறது. குடத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அந்தத் தண்ணீரை அவசரத்துக்குக்கூட பேட்டரியில் விடக் கூடாது. அதிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுத்து, இருக்கிற ஆம்பியர்-அவரைத் தின்றுவிடும். கேன் தண்ணீரும் ஆகாது. பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

செட்டை மாட்டிய ஆள் கிளம்புவதற்கு முன், மெயினை இறக்கிவிட்டு, டி.வி., பாக்ஸ், ஃபேன், லைட் நான்கையும் ஒன்றாகப் போடச் சொல்ல வேண்டும். 900 விஏ இன்வெர்ட்டரின் டிஸ்ப்ளேயில் லோடு கால்வாசி சுமாருக்குக் காட்ட வேண்டும். பாதிக்கு மேல் காட்டினால், இன்வெர்ட்டர் லைனில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. அநேகமாக ஃபிரிட்ஜ். பேட்டரி ஒரு நாள் முழுக்க ஏறிய பிறகு, ஏதாவது ஒரு மாலையில் மெயினை மறுபடி இறக்கிவிட்டு அதே நான்கையும் நான்கு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் கத்தினால் பில்லையும் வாரன்டி கார்டையும் எடுத்துக்கொண்டு மறுநாளே கடைக்குப் போகலாம்.